பாதி வீட்டுக்கு முழு உயில்

தனக்குச் சொந்தமில்லாததையும் ஒருவர் உயிலில் எழுதி வைத்துவிட முடியும். எழுதும்போது தடுக்க ஆளிருக்காது. உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறைப்படி இருந்தால் போதும். பதிவு செய்தாலும், அந்த வீடு முழுவதும் அவருடையதுதானா என்று சார்பதிவாளர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆகவே உயிலில் உள்ள பிழை, அதைத் திருத்தக்கூடிய ஒரே ஆள் இறந்த பிறகே வெளியே வருகிறது.

இந்தப் பிழைகளில் அடிக்கடி நேர்வது, பாதி மட்டும் தனக்கு உரிமையான வீட்டை முழு வீடாகவே ஒருவருக்கு எழுதி வைப்பது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய மனை, அண்ணன் தம்பி பெயரில் கூட்டாக இருக்கும் வீடு, தாய்க்குப் பங்குள்ள வீடு என்று எதுவாகவும் அது இருக்கலாம். அந்த வீட்டை உயில் வழி பெற்றவருக்குக் கடைசியில் கையில் கிடைப்பது என்ன? பாதி என்பதே பலரும் சொல்லும் பதில். பல குடும்பங்களில் அது சரியும்கூட. ஆனால் உயிலில் இன்னொரு வரி இருந்தால், பாதி வீட்டோடு பணமும் வரலாம். சில சமயம் முழு வீடுமே வரலாம். அந்த இன்னொரு வரியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

வரதராஜன்பேட்டையை வைத்து இதைப் பார்க்கக் காரணம் உண்டு. அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் வட்டத்தில், முந்திரி விளையும் செம்மண் பகுதியில் உள்ள பேரூராட்சி இது. கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஊர். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுரிமையும் உயிலும் ஒரே சட்டத்தில், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், அடங்குகின்றன. பிறப்பாலேயே பிள்ளைக்குப் பங்கு வரும் பூர்வீகச் சொத்து என்ற ஏற்பாடு அதில் இல்லை. அதனால் இந்தக் கேள்வியை வேறு சிக்கல்கள் கலக்காமல் இங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது. இந்துக் குடும்பங்களுக்கு எங்கே கணக்கு மாறும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பத்திரத்தில் இரண்டு பெயர்

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஊரும் சட்டமும் உண்மை. குடும்பம் எடுத்துக்காட்டுக்காக அமைத்தது. வரதராஜன்பேட்டையில் ஒரு கணவனும் மனைவியும் இருவர் பெயரிலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். மூத்த மகன், மகள், இளைய மகன் என்று மூன்று பிள்ளைகள். இளையவன் பெற்றோருடன் அதே வீட்டில் இருக்கிறான். வீட்டின் இன்றைய மதிப்பு 40 லட்சம் ரூபாய்.

தந்தை உயில் எழுதுகிறார். வீட்டின் கதவிலக்கம், நான்கெல்லை, நீள அகலம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, தன் ஆயுளுக்குப் பிறகு வீடு முழுவதையும் இளைய மகன் சர்வ சுதந்திரமாய் அடைந்துகொள்ள வேண்டியது என்கிறார். 18 லட்சம் பெறும் முந்திரிக் கொல்லை மூத்த மகனுக்கு. தன் பெயரில் உள்ள வங்கி வைப்பில் 12 லட்சம் மனைவிக்கு, 6 லட்சம் மகளுக்கு. யாரையும் விட்டுவிடவில்லை என்ற நிறைவோடு கையெழுத்திடுகிறார். மனைவியின் பாதியும் அந்த நான்கெல்லைக்குள் இருப்பது அவர் நினைவில் இல்லை. அல்லது, தான் சம்பாதித்துக் கட்டிய வீடுதானே என்று நினைத்திருக்கிறார்.

முதலில் பாதி என்ற கணக்கே சரிதானா என்று பார்க்க வேண்டும். இருவர் பெயரில் கூட்டாகப் பணம் போட்டு வாங்கிய சொத்தில், யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைக் காட்ட முடிந்தால் அந்த விகிதத்திலும், காட்ட முடியாவிட்டால் சமமாகவும் பங்கு என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 45ஆவது பிரிவு. “அம்மா பெயர் சும்மா போட்டது, பணம் முழுக்க அப்பாவுடையது” என்று இளைய மகன் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவனுடையது. முப்பது ஆண்டுக்கு முந்தைய பணத்துக்குக் கணக்கு காட்டுவது எளிதல்ல. மனைவியின் நகையை விற்று மனை வாங்கிய குடும்பங்கள் இப்பகுதியில் குறைவல்ல என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பத்திரத்தில் இருக்கும் இரண்டு பெயர் இரண்டு பாதி என்றே பெரும்பாலும் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் இறந்தால் அவருடைய பாதி தானாகவே மற்றவருக்குப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டாக வாங்கிய சாதாரணக் கிரயத்தில் இந்தியச் சட்டம் அப்படிக் கொள்வதில்லை. ஒவ்வொருவர் பாதியும் அவரவருடையது. அதை அவரவர் உயிலில் எழுதலாம். எழுதாவிட்டால் அவரவர் வாரிசுகளுக்குப் போகும். இங்கே தந்தையின் பாதிக்கு அவர் உயில் செல்லும். தாயின் பாதிக்கு அவரே உயிரோடு சாட்சியாக நிற்கிறார்.

உயில் முழுவதும் கெட்டுப்போகுமா

போகாது. எழுதியவரின் விருப்பம் முழு அளவில் நிறைவேற முடியவில்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது, முடிந்த அளவுக்கு நிறைவேற்ற வேண்டும் என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 87ஆவது பிரிவு. ஆகவே முழு வீடு என்று எழுதியிருந்தாலும் தந்தையின் பாதி மகனுக்குச் செல்லும். உயிலே செல்லாது என்று மூத்தவன் இந்த ஒரு காரணத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது.

அதேபோல, வீட்டில் குறைந்த 20 லட்சத்தை ஈடுகட்டும்படி மூத்தவனின் முந்திரிக் கொல்லையிலோ மகளின் வைப்பிலோ இளையவன் கைவைக்கவும் முடியாது. தந்தை தவறாக எழுதியதற்கு மற்றப் பிள்ளைகள் ஈடு கொடுக்கத் தேவையில்லை. இதுவரை விடை எளிது: பாதி, அவ்வளவுதான்.

ஆனால் மீதிப் பாதிக்குச் சொந்தக்காரரான தாய்க்கு அதே உயில் 12 லட்சம் தருகிறது. அந்த வரி இருப்பதால் வேறொரு விதி உள்ளே வருகிறது.

தாய் எடுக்க வேண்டிய முடிவு

உயில் எழுதியவர் தனக்கு உரிமையில்லாத ஒன்றை ஒருவருக்குக் கொடுத்து, அந்தப் பொருளின் உண்மையான சொந்தக்காரருக்கும் அதே உயிலில் ஏதாவது கொடுத்திருந்தால், சொந்தக்காரர் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பொருள் போவதற்கு இசைந்து உயில் தருவதைப் பெற்றுக்கொள்ளலாம். அல்லது இசையாமல் தன் பொருளை வைத்துக்கொண்டு, உயில் தருவதை விட்டுவிடலாம். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியாது. இது 180ஆவது பிரிவு. அதைத் தொடர்ந்து 190 வரை உள்ள பிரிவுகள் இந்தத் தெரிவின் விவரங்களைச் சொல்கின்றன. இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் வளர்த்த நியாயம் இது. 1706இல் தீர்ந்த நாய்ஸ் எதிர் மார்டன்ட் வழக்கிலும் இரண்டு மகள்களுக்கு நிலம் எழுதிய ஒரு தந்தையே இருந்தார். ஒரு மகளுக்கு அவர் எழுதிய நிலம் அப்படி எழுத முடியாத வகையைச் சேர்ந்தது. மற்ற மகள் தனக்கு எழுதியதையும் வாங்கிக்கொண்டு, தங்கைக்கோ அக்காளுக்கோ எழுதியதிலும் பங்கு கேட்க முடியாது என்று முடிவாயிற்று.

எழுதியவர் தெரிந்தே எழுதினாரா, தனக்குச் சொந்தம் என்று தவறாக நம்பி எழுதினாரா என்பது பொருட்டில்லை என்று 182ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நம் எடுத்துக்காட்டில் தந்தைக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் தாய் தெரிந்துகொண்டுதான் ஆகவேண்டும்.

இப்போது கணக்கைப் போடலாம். தாய் இசைந்தால், வீட்டில் தன் 20 லட்சம் மதிப்புள்ள பாதியை இளைய மகனுக்கு விட்டு, 12 லட்சம் வைப்பைப் பெறுகிறார். மகனுக்கு முழு வீடு, 40 லட்சம். நடைமுறையில் இதை வாய்ச்சொல்லோடு விடக் கூடாது. தாய் தன் பாதியைப் பதிவான செட்டில்மெண்ட் அல்லது விடுதலைப் பத்திரம் மூலம் மகனுக்கு மாற்றினால்தான் பின்னால் விற்கவோ கடன் வாங்கவோ முடியும்.

தாய் இசையாவிட்டால், வீட்டில் தன் பாதியை வைத்துக்கொள்கிறார். 12 லட்சத்தை விடுகிறார். விட்ட பணம் எங்கே போகும்? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அது நேராக எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகப் போவதில்லை. 181ஆவது பிரிவின்படி, ஏமாந்து நிற்கும் பயனாளிக்கு அவன் இழந்ததன் மதிப்பை அந்தப் பணத்திலிருந்து முதலில் ஈடு செய்ய வேண்டும். இளையவன் இழந்தது 20 லட்சம். கையிருப்பு 12 லட்சம். எனவே 12 லட்சமும் அவனுக்கே. அவனுக்கு மொத்தம் பாதி வீடு 20, பணம் 12, ஆக 32 லட்சம். தாய்க்கு 20 லட்சம் மதிப்புள்ள பாதி வீடு.

தந்தை மனைவிக்கு 12 லட்சத்துக்குப் பதில் 26 லட்சம் எழுதியிருந்தால்? தாய் இசையாதபோது அதில் 20 லட்சம் இளையவனுக்கு ஈடாகப் போகும். மீதி 6 லட்சம் உயிலில் மிச்சச் சொத்துக்கு யாரைச் சொல்லியிருக்கிறாரோ அவருக்கு, அப்படி யாரும் இல்லாவிட்டால் வாரிசுகளுக்குப் போகும். சட்டமே இதற்கு ஒரு எடுத்துக்காட்டைத் தருகிறது. 800 ரூபாய் பெறும் பண்ணையின் சொந்தக்காரர் அதை விட்டுத்தர மறுத்து, தனக்கு எழுதிய 1,000 ரூபாயை இழக்கிறார். அதில் 800 பண்ணை கிடைக்காதவருக்கு. 200 மிச்சச் சொத்தோடு.

தந்தை மனைவிக்கு எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால், தெரிவு என்ற கேள்வியே எழாது. தாய் தன் பாதியோடு அமைதியாக இருக்கலாம். இளையவனுக்கு 20 லட்சம் மட்டும். ஆக, இளைய மகனுக்கு 20, 32, 40 என்று மூன்று வெவ்வேறு விடைகள். வீட்டைப் பற்றி எழுதிய வரி மூன்றிலும் ஒன்றுதான். மாறியது தாய்க்கு எழுதிய வரியும் தாயின் முடிவும்.

பேசாமல் இருந்தால்

மேலே சொன்ன கணக்கு, தாய் தெரிந்து முடிவெடுக்கிறார் என்ற அடிப்படையில் போட்டது. நடப்பில் கணவர் இறந்த வீட்டில் யாரும் சட்டப் பிரிவு பார்ப்பதில்லை. உயில்படி வங்கியில் 12 லட்சம் தாய் பெயருக்கு மாறுகிறது. மாதாமாதம் வட்டி வருகிறது. மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆகிறது. இந்த வட்டியே பின்னால் அவருக்கு எதிராகப் பேசக்கூடும்.

தெரிவு செய்யும் உரிமை தனக்கு இருப்பதையும் முடிவைப் பாதிக்கும் விவரங்களையும் அறிந்து உயில் தந்த பயனை ஏற்றால், அது இசைவாகும் என்கிறது 187ஆவது பிரிவு. அடுத்த பிரிவு இன்னும் கறாரானது. மறுப்புக் காட்டும் எந்தச் செயலும் செய்யாமல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பயனை அனுபவித்திருந்தால், மாறான சாட்சியம் இல்லாதவரை, அவர் எல்லாம் அறிந்தே ஏற்றார் என்று அனுமானிக்கப்படும். இரண்டு ஆண்டு வட்டி வாங்கிய தாயிடம், “வீட்டில் உன் பாதியை விட்டுக்கொடுத்துத்தானே இதை வாங்கினாய்” என்று கேட்க இது இடம் தருகிறது. தனக்கு அப்படியொரு தெரிவு இருப்பதே தெரியாது என்று அவர் சாட்சியம் காட்டலாம். ஆனால் காட்டும் சுமை இப்போது அவர் தலையில்.

189ஆவது பிரிவில் இன்னொரு கெடு. எழுதியவர் இறந்து ஓராண்டுக்குள் தாய் எதுவும் தெரிவிக்காவிட்டால், உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருப்பவர் அவரை முடிவெடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்படிக் கேட்ட பிறகும் நியாயமான காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால், அவர் உயிலுக்கு இசைந்ததாகக் கொள்ளப்படும். பதில் சொல்லாத தாயின் மௌனத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே இப்படியொரு உயில் வந்து சேர்ந்தால், பணத்தைத் தொடும் முன் வீட்டுக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பதும், விருப்பம் இல்லையென்றால் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கி வைப்பதும் தாய்க்கு அவசியம்.

தன் பாதியைத்தான் சொன்னாரோ

தெரிவு விதியிலிருந்து தாய் தப்பிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. தந்தை முழு வீட்டையும் கொடுக்க நினைக்கவே இல்லை, தன் பாதியைத்தான் கொடுத்தார் என்று காட்டினால் போதும். சொத்தில் பங்குள்ள ஒருவர் அதைப் பற்றி எழுதும்போது, தன் பங்கைத்தான் எழுதினார் என்று கொள்வதே நீதிமன்றங்களின் பொது அணுகுமுறை. இன்னொருவர் பொருளையும் சேர்த்தே கொடுத்தார் என்று சொல்ல உயிலின் வாசகமே அதைத் தெளிவாகக் காட்ட வேண்டும்.

எனவே சண்டை சொற்களில் வந்து நிற்கும். “வரதராஜன்பேட்டையில் எனக்குள்ள சொத்து பாத்தியங்களை” என்று பொதுவாக எழுதியிருந்தால், அது அவருடைய பாதியைத்தான் குறிக்கும். தாய் பாதி வீட்டையும் 12 லட்சத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். மாறாக, கதவிலக்கமும் நான்கெல்லையும் மொத்தச் சதுர அடியும் போட்டு ‘வீடு முழுவதும்’ என்று எழுதியிருந்தால், முழு வீட்டையும் கொடுக்கவே நினைத்தார் என்ற வாதம் வலுப்பெறும். நம் கேள்விக்கு மிக நெருங்கிய பழைய வழக்கு ஒன்று இதைத்தான் பேசியது. 1850இல் தீர்ந்த பாட்பரி எதிர் கிளார்க் வழக்கில், ஒரு வீட்டில் பாதி மட்டுமே உரிமையுள்ளவர் அதை முழு வீடாக விவரித்து உயிலில் கொடுத்திருந்தார். முழு வீட்டையும் கொடுக்க எண்ணியதாகவே அதைக் கொண்ட சான்சரி நீதிமன்றம், உயிலில் பயன் பெறும் மற்றப் பங்குதாரர் தெரிவு செய்தே ஆகவேண்டும் என்றது.

நம் ஊர் உயில்களில் இது இன்னும் கூர்மையாகிறது. பத்திர எழுத்தர் சொத்து விவரத்தைப் பழைய கிரயப் பத்திரத்திலிருந்து அப்படியே பெயர்த்து எழுதுவது வழக்கம். உயிலின் உடலில் ‘எனக்குப் பாத்தியமான வீடு’ என்று இருக்கும். கீழே சொத்து விவரத்தில் முழு மனையின் அளவு இருக்கும். எது எழுதியவரின் எண்ணம்? உயில் முழுவதையும் சேர்த்துப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஒரு வரியைப் பெயர்த்து எழுதியதில் 12 லட்சம் ஆடுகிறது.

கையில் வந்த பாதி

தாய் இசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். இளைய மகனுக்கு வீட்டில் கிடைத்தது பிரிபடாத பாதி. கூடம் எனக்கு, அடுக்களை உனக்கு என்ற பாதி அல்ல. வீட்டின் ஒவ்வொரு அங்குலத்திலும் இருவருக்கும் உரிமை. அவன் தாயை வெளியேற்ற முடியாது. தாயும் அவனை வெளியேற்ற முடியாது. அவன் தனியாகக் கையெழுத்துப் போட்டு வீடு முழுவதையும் விற்றால், வாங்கியவருக்குப் போவது பாதிதான்.

உயிலைக் காட்டிப் பேரூராட்சியில் வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்; பட்டாவில் பெயர் சேர்க்க மனுக் கொடுக்கலாம். தவறுதலாக அவன் ஒருவன் பெயரிலேயே எல்லாம் மாறிவிட்டாலும் தாயின் பாதி போய்விடாது. வரி ரசீதும் பட்டாவும் உரிமையை உண்டாக்குவதில்லை. கூட்டு உரிமையாளரில் ஒருவர் தனியாக நீண்ட காலம் குடியிருப்பதாலேயே மற்றவர் பங்கு கரைந்துவிடாது என்று 1957இல் பி. லட்சுமி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர் அறியும்படி விலக்கி வைத்தால்தான் காலக் கணக்கே தொடங்கும்.

பிரிந்துகொள்ள விரும்பினால் பாகப்பிரிவினை வழக்கு. நீதிமன்றம் முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை தரும். பிறகு வழக்கறிஞர் ஒருவரைக் கமிஷனராக அனுப்பி அளக்கச் சொல்லும். 20 அடி முகப்புள்ள மனையில் ஒரே மாடிப்படி, ஒரே கிணறு, ஒரே கழிவறை உள்ள வீடு என்றால், பத்துப் பத்து அடியாகக் கிழிப்பது இருவருக்கும் நட்டம் என்றே அவர் அறிக்கை தருவார்.

அப்போது 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வருகிறது. பிரிக்க இயலாத சொத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி கேட்கும் உரிமை, பாதி அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களுக்கு உண்டு. சரியாகப் பாதி வைத்திருப்பவருக்கு இது எட்டிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்குத் தனியாக எட்டாது. ஆனால் கேட்பவர் ஒன்றை அறிந்து கேட்க வேண்டும். விற்கச் சொன்னவருடைய பங்கை மற்றப் பங்குதாரர் மதிப்பீட்டு விலைக்குத் தானே வாங்கிக்கொள்ள நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோய்த் தானே எடுத்துவிடலாம் என்று விற்பனை கேட்ட இளைய மகன், தாய் 20 லட்சத்தைக் கட்டிவிட்டால் வீட்டை விட்டே போக நேரிடும்.

வழக்குக்குப் போகாமல் காத்திருந்தால்? தாய் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, மகளுக்கும் சேர்த்து, போகும். இளையவனுக்கு அரையோடு ஆறில் ஒன்று சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு வரும். தாய் தன் பாதியை மகளுக்கே உயில் எழுதினால் அவனுக்கு அரைதான். தந்தையின் உயிலை நம்பி முழு வீட்டையும் புதுப்பித்து மாடி எழுப்பியவன், இங்கே தன் செலவுக்குக் கணக்குக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

இந்துக் குடும்பத்தில்

கணவனும் மனைவியும் சம்பாதித்து வாங்கிய வீடாக இருந்தால், இந்துக் குடும்பத்திலும் மேலே சொன்ன பாதிக் கணக்கும் தெரிவு விதியும் இதே போலத்தான். மாறுவது பூர்வீக வீட்டில்.

பழைய இந்துச் சட்டப்படி, கூட்டுக் குடும்பப் பங்காளி தன் பிரிபடாத பங்கை உயிலில் எழுதவே முடியாது. 1874இல் விட்லா புட்டன் எதிர் யமனம்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன காரணம் கச்சிதமானது: உயில் பேசத் தொடங்குவது எழுதியவர் இறந்த பிறகு, இறந்த கணத்திலேயே அவர் பங்கு மீதமுள்ள பங்காளிகளைச் சேர்ந்துவிடுகிறது, ஆகவே உயில் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அந்தக் காலத்தில் இப்படியான உயிலில் பயனாளிக்குக் கிடைத்தது பாதிகூட இல்லை, ஒன்றுமே இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 30ஆவது பிரிவில், பங்காளி தன் பங்கை உயிலில் எழுதலாம் என்று இதை மாற்றியது.

ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்பது குடும்பத்தைப் பொறுத்தது. தகப்பனும் ஒரு மகனும் மட்டும் என்றால் தகப்பனுக்குப் பாதி. மகளும் இருந்தால்? தமிழ்நாடு 1989இல் அன்று மணமாகாத மகள்களுக்குப் பங்காளி உரிமை தந்தது; 2005இல் நாடு முழுவதும் மகள்களுக்கு அது வந்தது; 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பிலிருந்தே வருவது என்று உறுதி செய்தது. ஆகவே பூர்வீக வீட்டில் ‘என் பாதி’ என்று தகப்பன் எழுதினாலும், மகளையும் சேர்த்தால் அவரிடம் இருந்தது மூன்றில் ஒரு பங்காகவே இருக்கலாம். பாதியை மட்டும் எழுதி நிதானமாக நடந்துகொண்டதாக நினைத்தவரும் தனக்கில்லாததை எழுதியவராகிவிடுகிறார்.

எழுதும் முன்

உயில் எழுதப் போகிறவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. மூலப் பத்திரத்தில் வாங்கியவர் பெயர் எத்தனை என்று பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் அந்தக் கிரயம் இரண்டு பெயரோடு வரும்; பதிவான உயில் தனிப் புத்தகத்தில் இருப்பதால் அதில் வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு பெயர் இருந்தால், சொத்து விவரத்தில் முழு அளவைப் போட்டு, ‘இதில் எனக்குள்ள பிரிபடாத அரைப் பங்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முழு வீடும் ஒரே பிள்ளைக்குப் போக வேண்டும் என்பது தம்பதியின் விருப்பமானால், மனைவியும் தன் பாதிக்குத் தனியே ஒரு உயில் எழுதட்டும். மனைவி தன் பாதியை விட்டுக்கொடுத்தால்தான் பணம் என்பது உண்மையான எண்ணம் என்றால், அதையும் வெளிப்படையாக எழுதிவிடுவது நேர்மை.

உயில் வழி வீடு பெற்றவருக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உயிலில் உங்கள் பெயர் உள்ள வரியோடு நிறுத்திவிடாதீர்கள். பத்திரத்தில் இரண்டாவது பெயர் யாருடையது, அவருக்கு அந்த உயில் என்ன தருகிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகே உங்களுக்கு வந்தது எவ்வளவு என்று சொல்ல முடியும்.